பெரியம்மாவின் முகத்தில் விழுந்த நீலத் தார்ப்பாய்

"ஐயா, நான் பாம்பன் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவன். பழைய கேமரா ஒன்றை வாங்கி, வீட்டாரைப் படமெடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய என் பெரியம்மாவைத் தார்ப்பாய் நிழலில் உட்கார வைத்து எடுத்தேன். முகம் கருத்துத் தெரிந்ததால் Lightroom-இல் வெளிச்சத்தைக் கூட்டி, தோலை மிருதுவாக்கி, நிறத்தையும் கொஞ்சம் எடுப்பாக்கினேன். அதைப் பார்த்துவிட்டு 'இது யாருடா?' என்று கேட்டார். எந்த முகப்படமாக இருந்தாலும் முதலில் செய்துபார்க்க வேண்டிய சில திருத்தங்கள் எவை, எந்த வரிசையில்? ரா கோப்பையும் நான் திருத்தியதையும் இணைத்திருக்கிறேன்."

அன்புள்ள தம்பி,

இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ரா கோப்பில், மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளியெடுத்துவிட்டுத் தலைத்துணி ஈரம் காயாமல் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் இருக்கிறார். நீங்கள் திருத்தியதில் இருப்பவருக்குக் கன்னம் சாம்பல் பூத்திருக்கிறது, நெற்றி சுண்ணாம்பு அடித்த சுவரைப்போல் வழவழப்பாக இருக்கிறது. அந்தப் படத்தில் குறை இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குறை வெளிச்சத்தில் இருந்தது. நீங்கள் அதை முகத்தில் தேடியிருக்கிறீர்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் நேர்வதுதான் இது. அதனால் முதல் சில திருத்தங்களை வெளிச்சத்தோடு நிறுத்திக்கொண்டு, முகத்தில் கை வைப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும் ஒரு வரிசையை உங்கள் படத்தைக் கொண்டே சொல்கிறேன்.

தொடங்கும் முன் Reset அழுத்தி, செய்ததை எல்லாம் கழற்றிவிடுங்கள். கணினியில் Night light போன்ற மஞ்சள் வடிகட்டி போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். இரவில் அது திரையை மஞ்சளாக்கிவைத்திருக்க, அதைச் சரிக்கட்டுவதற்காக நீங்கள் படத்தில் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து, ஜன்னல் வெயில் திரையில் படாத இடத்தில் உட்காருங்கள். கடற்கரையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துத் திருத்திய படங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது வெளுத்துத்தான் இருக்கும், ஏனென்றால் அந்த வெயிலில் திரை இருண்டு தெரிந்து, கை தன்னையறியாமல் படத்தை வெளுப்பாக்கிவிடும்.

முதல் திருத்தம் நிறம், அதாவது ஒயிட் பேலன்ஸ். வெளிச்ச அளவைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாநிறமோ கருநிறமோ உள்ள முகத்தில் நீலம் ஏறினால் அது கருத்ததாகவும் சோர்ந்ததாகவும் தெரியும். நிறம் சரியானதும் அந்தக் கருப்பில் பாதி தானாகவே விலகிவிடும். அதைச் செய்யாமல் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் நீலமும் சேர்ந்து வெளுக்கும். உங்கள் படத்தில் கன்னம் சாம்பலானது அப்படித்தான்.

உங்கள் படத்தில் நீலம் இரண்டு வழிகளில் வந்திருக்கிறது. ஒன்று நிழலின் இயல்பு. வெயில் நேராகப் படாத இடத்துக்கு வெளிச்சம் தருவது பெரும்பாலும் நீல வானம்தான். நடுப்பகல் வெயிலின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின் என்றால், திறந்த நிழல் 7000, 8000 வரை போகும். இரண்டாவது, தலைக்கு மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாய். அதன் வழியே வடிந்து வரும் வெயில், நீலக் கண்ணாடிக் காகிதத்தை விளக்கின் முன் பிடித்ததுபோல் முகத்தில் விழுகிறது. கேமராவின் தானியங்கி அமைப்பு 5200 என்று கணக்கிட்டிருக்கிறது. படத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வெயில் பட்ட மணலைப் பார்த்து அது போட்ட கணக்கு அது. மணலுக்குச் சரி, முகத்துக்குச் சரியில்லை.

சரியான நிறத்தைக் கண்டுபிடிக்கப் பலரும் சொட்டு மருந்துக் குழாய் போன்ற அந்தக் கருவியை எடுத்துப் படத்தில் வெள்ளையாக இருக்கும் ஏதாவதொன்றின் மேல் அழுத்துவார்கள். நம் ஊரில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் வீட்டு வெள்ளை வேட்டியும் துண்டும் சட்டையும் சொட்டு நீலம் போட்டு அலசியவை. கண்ணுக்குப் பளிச்சென்ற வெள்ளையாகத் தெரிந்தாலும் அவற்றில் நீலம் ஏறியிருக்கிறது. அதைத்தான் சாம்பல் என்று மென்பொருளுக்குச் சொன்னால், இருக்கும் நீலத்தை எல்லாம் கழிப்பதற்காக அது முகத்தை மஞ்சள் குளித்ததுபோல் ஆக்கிவிடும். உங்கள் பெரியம்மா சேலைக்கு மேல் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையில் நானும் அழுத்திப் பார்த்தேன். முகம் காவி நிறத்துக்குப் போய்விட்டது. கண்ணின் வெள்ளையையும் நம்பாதீர்கள். உப்புத் தண்ணீரில் பல மணி நேரம் இருந்தவர்களின் கண் சிவந்திருக்கும், வெயிலில் வாழ்நாளைக் கழித்தவர்களின் கண்ணில் மஞ்சள் படர்ந்திருக்கும். அவற்றை வெள்ளையாக்குவது ஒயிட் பேலன்ஸின் வேலை அல்ல.

ஆகவே தோலையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். Lightroom Classic-இல் சுட்டியை முகத்தின் மேல் கொண்டுபோனால், வலப்பக்கம் மேலே உள்ள வரைபடத்தின் கீழ் R, G, B என்று மூன்று எண்கள் விழுக்காட்டில் தெரியும். மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும், நடுநிலையான வெளிச்சத்தில் சிவப்பு அதிகமாகவும், பச்சை அதற்கடுத்தும், நீலம் எல்லாவற்றிலும் குறைவாகவும் இருக்கும். உங்கள் ரா கோப்பில், நெற்றியில் பளபளப்பும் சுருக்கமும் இல்லாத ஓரிடத்தில் சுட்டியை வைத்தபோது R 37, G 34, B 35 என்று காட்டியது. நீலம் பச்சையைத் தாண்டி நிற்கிறது. கண்ணுக்கு உடனே புலப்படாவிட்டாலும், முகத்தில் வேற்று வெளிச்சம் ஏறியிருக்கிறது என்பதற்கு இந்த ஒரு வரியே சாட்சி. Temp-ஐ மெதுவாக வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனேன். 7600-ஐ எட்டியபோது எண்கள் R 42, G 34, B 29 என்று வரிசைக்கு வந்தன. கழுத்தோரம் லேசாகப் பச்சை தட்டியதால் Tint-ஐயும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினேன். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆளுக்கு ஆள் இவை மாறும். மூன்றும் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதைப் பார்த்தால் போதும். எண்கள் வரிசைக்கு வந்த பிறகும் Temp-ஐ இழுத்துக்கொண்டே போனால் உதடும் கன்னமும் ஒரே செங்கல் நிறமாகிவிடும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் இடையே உள்ள நிற வித்தியாசம் மங்கத் தொடங்கினால், கொஞ்சம் பின்னால் வாருங்கள்.

இங்கே ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். முகம் முழுவதும் ஒரே வெளிச்சம் விழுந்திருந்தால்தான் இந்த ஒற்றைத் திருத்தம் போதும். உங்கள் பெரியம்மாவின் வலக்கன்னம் தார்ப்பாயின் திறந்த பக்கத்தை நோக்கியிருக்கிறது, அதனால் அந்தக் கன்னத்தில் மணலிலிருந்து தெறித்த வெயில் வெளிச்சம் விழுந்திருக்கிறது. 7600-க்குப் போனதும் இடக்கன்னம் சரியாகி, வலக்கன்னம் சற்று மஞ்சளாகிவிட்டது. இப்படி இரண்டு வெளிச்சம் கலந்திருந்தால் எந்த எண்ணும் இரு பக்கத்துக்கும் பொருந்தாது. முகத்தின் பெரும்பகுதிக்கு எது சரியோ அதை வைத்துக்கொண்டு, மீதிப் பக்கத்துக்கு மட்டும் Masking-இல் உள்ள Brush-ஐ எடுத்து, ஓரம் நன்றாக மங்கலாக இருக்கும்படி வைத்துத் தடவி, அந்த இடத்தில் மட்டும் Temp-ஐ இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். நான் 8 அளவுதான் நகர்த்தினேன். இரண்டு கன்னங்களையும் முழுக்க ஒன்றாக்கிவிடவும் வேண்டாம், திறந்த பக்கத்தில் சிறிது வெதுவெதுப்பு இருப்பது இயற்கைதான்.

நீங்கள் ரா கோப்பில் எடுத்தது நல்லதாயிற்று. ஜேபிஜி கோப்பில் கேமரா தன் நிறக் கணக்கை ஏற்கெனவே போட்டு முடித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளை மட்டும் விட்டுவைத்திருக்கும். Temp-இலும் கெல்வின் எண்ணுக்குப் பதில் -100 முதல் +100 வரையிலான ஓர் அளவுதான் தெரியும். தார்ப்பாய் நீலம்போல் பெரிய திருத்தத்தை அது தாங்காது, கன்னத்தில் திட்டுத்திட்டாக நிறம் பிரியும்.

இரண்டாவது திருத்தம் முகத்தின் வெளிச்ச அளவு. கேமராவின் அளவி, எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் வெள்ளை மணலும் பளபளக்கும் கடலும் இருந்தால் அவற்றைத் தணிப்பதற்காக மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். அதனால் இந்தக் கரையில் எடுக்கும் படங்களில் முகம் இருண்டுபோவது எடுத்தவரின் தவறும் அல்ல, எடுக்கப்பட்டவரின் நிறமும் அல்ல. Exposure-ஐக் கூட்டும்போது கண்ணை முகத்தில் மட்டும் வையுங்கள், மணல் என்ன ஆகிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் படத்தில் +0.8 போதுமானதாக இருந்தது. நெற்றியின் எண்கள் R 54, G 44, B 37 என்று உயர்ந்தன. நீங்கள் +2-க்கும் மேலே போயிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இந்த அளவில் ஒவ்வொரு 1-உம் வெளிச்சத்தை இரட்டிப்பாக்குகிறது, அதனால் +2 என்பது நான்கு மடங்கு.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கடினம். வெளுப்பாக இருந்தால் அழகு என்ற எண்ணம் நம் ஸ்டூடியோக்களில் மூன்று தலைமுறையாக ஊறிப்போயிருக்கிறது, நானும் அதில் வளர்ந்தவன்தான். ஃபிலிம் காலத்திலும் வெளிநாட்டு லேப்களில் நிறத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்க வைத்திருந்த மாதிரிப் படம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுடையது. 'ஷெர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் ப்ரீசெட்டுகள் பலவும் வெளிர்ந்த தோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவைதாம். ஆகவே ப்ரீசெட்டை நம்பாமல் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். படத்தில் முகத்தையும் அவருடைய கையையும், அருகே உள்ள தெரிந்த பொருள் ஒன்றையும் பாருங்கள். உங்கள் படத்தில் பெரியம்மா சாய்ந்திருப்பது ஒரு பனைமரத் தூண். நிழலில் நேரில் பார்த்தபோது அவர் தோலும் அந்தத் தூணும் எப்படி இருந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். Exposure இரண்டையும் சேர்த்தே கூட்டும், அதனால் தூணும் முகமும் நேரில் பார்த்ததைவிட வெளுத்துத் தெரிந்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. வெளிர்ந்த முகத்தில் மூக்கின் எடுப்பையும் கன்னத்தின் வளைவையும் காட்டுவது நிழல். கருத்த முகத்தில் அந்த வேலையைச் செய்வது பளபளப்பு. நெற்றி மேட்டிலும் மூக்குத் தண்டிலும் கன்ன எலும்பிலும் ஈரமும் எண்ணெயும் சேர்ந்து மின்னும் அந்தச் சிறு வெளிச்சங்கள்தாம் முகத்துக்கு உருவம் கொடுக்கின்றன. 'முகத்தில் எண்ணெய் வழிகிறது' என்று Highlights-ஐ -100 வரை இழுத்துவிட்டால் அந்த உருவமே போய்விடும், முகம் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாகும். நான் உங்கள் படத்தில் Highlights-ஐ -20 மட்டும் குறைத்தேன், அதுவும் மூக்கு நுனியில் ஒரு புள்ளி முழு வெள்ளையாகிவிட்டதால்தான். J விசையை அழுத்தினால் இப்படி வெந்துபோன இடங்கள் சிவப்பாகக் காட்டப்படும். மணலில் சிவப்பு தெரிந்தால் கவலைப்படாதீர்கள், முகத்தில் தெரிந்தால்தான் குறைக்க வேண்டும்.

Shadows-இலும் இதே எச்சரிக்கை வேண்டும். அதை வலப்பக்கம் நிறைய இழுத்தால் கண்குழியும் தாடையடியும் தலைமுடியும் ஒருசேர வெளுத்துச் சாம்பலாகும், பழைய கேமராவில் அங்கே பொரிப்பொரியாகப் புள்ளிகளும் கிளம்பும். +15, +20 வரை போய்ப் பாருங்கள். பிறகு கண்மணியையும் காதோரத்து முடியின் அடியையும் பெரிதாக்கிப் பாருங்கள். அவை கருப்பாக இல்லாமல் கரும்புகை நிறத்தில் இருந்தால் Blacks-ஐ -10 போலக் குறையுங்கள். அந்த ஒரு சின்ன அசைவில் முகம் சட்டென்று கெட்டிப்படுவதைக் காண்பீர்கள். 'நிறத்தை எடுப்பாக்கினேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் தேடிய அந்த எடுப்பு இங்கேதான் இருக்கிறது; Saturation-ஐத் தொடவே வேண்டியதில்லை.

மூன்றாவது திருத்தம், கடற்கரைப் படங்களுக்கு மற்ற ஊர்ப் படங்களைவிட அதிகமாகத் தேவைப்படுவது. நாம் மனித முகத்தை மேலிருந்து விழும் வெளிச்சத்தில் பார்த்துப் பழகியவர்கள். வெண்மணல், கீழே விரித்த கண்ணாடியைப்போல் வெயிலைத் திருப்பி மேலே அனுப்புகிறது. உங்கள் படத்தில் பெரியம்மாவின் மோவாயும் மூக்கின் அடியும் கழுத்தும் நெற்றியைவிட வெளிச்சமாக இருப்பதைக் கவனியுங்கள். கீழே டார்ச் அடித்துப் பேய்க்கதை சொல்லும் பிள்ளைகளின் முகம்போல, காரணம் சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று உறுத்துவது இதனால்தான். Masking-இல் Linear Gradient-ஐ எடுத்துப் படத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்து, அதன் தேய்மானம் கீழுதட்டருகே முடியும்படி வைத்து, Exposure-ஐ -0.4 ஆக்குங்கள். சட்டையும் கழுத்தும் மோவாயும் ஒரே சீராக அடங்கும். அடுத்து இன்னொரு மாஸ்க் எடுத்து, முகத்தின் மேல்பாதியில், கண்களையும் நெற்றியையும் சுற்றிப் பெரிய வட்டமாக, ஓரம் முழுக்க மங்கலாக வைத்து +0.25 கொடுங்கள். பார்ப்பவரின் கண் சட்டையை விட்டுவிட்டு அவருடைய கண்ணுக்குப் போகும்.

இதை மிகைப்படுத்தியதை எப்படி அறிவது என்றால், படத்தைச் சிறிதாக்கித் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். தலையைச் சுற்றிச் சாமி படத்து ஒளிவட்டம்போல் ஏதாவது தெரிந்தால் மாஸ்க்கின் ஓரம் கூர்மையாக இருக்கிறது, அல்லது அளவு அதிகம். பின்னால் வெளுத்துக் கிடக்கும் மணலை அடக்க வேண்டுமானாலும் -0.5-க்கு மேல் போகாதீர்கள். முழுவதும் வெந்துபோன வெள்ளையில் தகவல் எதுவும் இல்லை, குறைத்தால் அழுக்குச் சாம்பல்தான் வரும்.

கடற்கோடு சாய்ந்திருந்தால் நேராக்குங்கள், R விசையில் அது முடிந்துவிடும். உங்கள் படத்தில் அது ஒன்றரை டிகிரி சாய்ந்திருக்கிறது. ஆனால் கடற்கோடு பெரியம்மாவின் காது வழியாக ஓடுவதை எந்தத் திருத்தத்தாலும் மாற்ற முடியாது. அடுத்த முறை நீங்கள் ஒரு முழம் தாழ்ந்தோ உயர்ந்தோ நின்று எடுத்தால் அது தோளுக்குக் கீழோ தலைக்கு மேலோ போய்விடும்.

இப்போதுதான் முகத்துக்கு வருகிறோம். தோலைச் சுத்தம் செய்வதற்கு ஒரு பழைய விதி உண்டு: இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடக்கூடியதை எடுக்கலாம், இரண்டு வாரம் கழித்தும் இருக்கப்போவதை எடுக்கக் கூடாது. உங்கள் பெரியம்மாவின் புருவத்தருகே ஒட்டியிருக்கும் பாசித் துணுக்கும், மேலுதட்டில் உள்ள மணல் பொடியும், மோவாயில் உள்ள சிறு கொப்புளமும் போகலாம். Q விசையை அழுத்தி Heal-ஐ எடுத்து, புள்ளியைவிடச் சற்றே பெரிய வட்டத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டால் போதும். கண்ணோரத்துச் சுருக்கமும், கன்னத்து மச்சமும், வெயில் கருக்கிய மூக்கும் அவருடையவை, அவற்றை விட்டுவிடுங்கள். கண்ணின் கீழ் உள்ள கருமை அன்றைய அசதியால் கூடியிருக்கிறது என்று தோன்றினால், Heal-இன் Opacity-ஐ 40 அளவுக்குக் குறைத்து வைத்துத் தொடுங்கள். கருமை குறையும், மறையாது.

இந்த விதியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாத ஒன்றும் உங்கள் படத்தில் இருக்கிறது. நெற்றியில், நீருக்கடியில் அணியும் கண்ணாடி அழுத்திய வளைவான கோடு ஒன்று பதிந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் மறைந்துவிடும் தடம்தான், விதிப்படி எடுத்துவிடலாம். நானாக இருந்தால் விட்டுவிடுவேன், ஏனென்றால் அவர் அப்போதுதான் கடலிலிருந்து வந்தார் என்பதைச் சொல்வது அந்தக் கோடுதான். வீட்டில் மாட்டும் படத்தில் அது வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரியம்மாவிடமே கேளுங்கள், அது அவர் நெற்றி.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவின் மேல் கூர்தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து முகத்துக் குழிகளை நிரப்புவோம். நெகட்டிவில் பென்சில் ஏறிய இடம் பிரிண்டில் வெளுத்து வரும். கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்தார், காலமான பெரியவர் ஒருவரின் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி வந்தார்கள். அவர் தாடையில் இருந்த ஒரு நீண்ட தழும்பை, நல்லது செய்கிறேன் என்று நினைத்து, ஒரு மாலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து மறைத்தேன். சட்டம் போட்டுக் கொடுத்த படத்தை அவர் மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தாடையில் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். நங்கூரக் கயிறு அறுந்து அடித்த தழும்பு அது என்றும், அதைத் தொட்டுத்தான் சிறுவயதில் தூங்குவேன் என்றும் பிறகு சொன்னார். நெகட்டிவில் பென்சிலைத் துடைத்துவிட்டு மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை.

தோலை மிருதுவாக்கும் திருத்தத்தை முதல் ஆறு மாதத்துக்கு விலக்கிவையுங்கள் என்பேன். நீங்கள் Texture-ஐப் பாதிக்கு மேல் இடப்பக்கம் இழுத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அது தோலின் நுண்துளைகளைக் கரைப்பதோடு, புருவ முடியையும் இமையையும் உதட்டு வரிகளையும் கரைத்துவிட்டது. பெரியம்மா தன்னை அடையாளம் காணாததற்கு நிறத்துக்கு அடுத்த காரணம் அதுதான். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் தோல் முரடாகத் தெரிந்து தாங்கவே முடியவில்லை என்றால், முகத்தோலை மட்டும் மாஸ்க்கில் தேர்ந்து -10 வரை போகலாம். அந்த வித்தியாசம் உங்களுக்கே தெரியக்கூடாது. \ விசையை அழுத்தி முன்பும் பின்பும் பார்த்தால் மட்டும் தெரிய வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் உடனே அனுப்பாமல் ஓர் இரவு விட்டுவையுங்கள். ஒரே முகத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த நிறமும் கண்ணுக்குச் சரியாகத்தான் படும். மறுநாள் காலையில் திறந்து முதல் ஐந்து நொடிகளில் உறுத்துவது எதுவோ அதை மட்டும் திருத்துங்கள். நான் உங்கள் படத்தை மறுநாள் பார்த்தபோது முகம் சற்று அதிகமாகச் சிவந்திருப்பதாகப் பட்டது, Temp-ஐ 7300-க்கு இறக்கினேன்.

பிரிண்ட் போடும்போது, திரை தானே ஒளிர்கிறது, காகிதம் ஒளிர்வதில்லை என்பதை நினைவில் வையுங்கள். திரையில் சரியாக இருக்கும் கருத்த முகம் காகிதத்தில் ஒரு படி இருண்டு வரும். அதனால் பிரிண்டுக்கென்று தனிப் பிரதி ஒன்றில் Exposure-ஐ இன்னும் 0.2 கூட்டி, sRGB நிற அமைப்பில் ஜேபிஜியாக வெளியேற்றுங்கள். 12×18-க்கு நேரடியாகப் போகாமல் முதலில் ஒரு மேக்ஸி அளவுப் பிரிண்ட் போட்டு, அதைப் பகல் வெளிச்சத்தில், வாசல் நிழலில் வைத்துப் பாருங்கள், டியூப் லைட்டின் கீழே பார்க்காதீர்கள். பளபளப்புத் தாளைவிட மேட் தாள் இந்தப் படத்துக்குப் பொருந்தும், மாட்டிய பிறகு எதிர் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் வந்து விழாது.

லேபில் கொடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். அங்கே கணினியில் உட்கார்ந்திருக்கும் தம்பி, யார் முகம் கருப்பாகத் தெரிந்தாலும் பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டி வெளுப்பாக்கிவிட்டுத்தான் பிரிண்டுக்கு அனுப்புவார். நீங்கள் இரண்டு நாள் செய்த வேலை அந்த இரண்டு தட்டில் போய்விடும். 'கலர் கரெக்‌ஷன் வேண்டாம், உள்ளபடியே போடவும்' என்று உறையின் மேல் எழுதிக் கொடுத்து, வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அப்படியும் வெளுத்து வந்தால் வாங்கிக்கொள்ளாமல், மறுபடி போடச் சொல்லுங்கள்.